காலண்டரில் எதைப் போடுவது, பட்டியலில் எதை விடுவது?

செய்ய வேண்டியதை எழுதி வைக்கும் பழக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம், எல்லாவற்றையும் போன் காலண்டரில் நேரம் போட்டு வைப்பவர்கள். மாலை 5 மணிக்கு "கேஸ் புக் பண்ணணும்", 5.30க்கு "தையல்காரரிடம் கேட்கணும்". மணி அடிக்கும், தள்ளிவிடுவார்கள். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுபவர்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும். பல் டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டும் அதன் நடுவில் எங்கேயோ கிடக்கும். இரு தரப்பும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எது எங்கே போக வேண்டும்?

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துத் தருவது என் வேலை. மாதம் முழுக்கக் கெடு தேதிகளோடுதான் பிழைப்பு. அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுக்கிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் கேள்விகள் பொருந்தும்.

## முடிவு செய்ய மூன்று கேள்விகள்

நேரம் கடந்துபோனால் இது முடிந்துபோகுமா, நிலுவையில் நிற்குமா? மூன்றில் இதுதான் தலையாய கேள்வி. காலை 7.30 முதல் 9 மணி வரை முகூர்த்தம் என்றால், 9.30க்குப் போய்த் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது நடந்து முடிந்துவிடும். வங்கியில் கேஒய்சி படிவம் கொடுப்பது அப்படியல்ல. இன்று போகாவிட்டால் நாளைக்கும் அது அங்கேயே நிற்கும்.

இந்த வித்தியாசம் காலண்டர் செயலிகளின் அடித்தளத்திலேயே இருக்கிறது. கூகுள், ஆப்பிள், அவுட்லுக் எல்லாம் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தில் நிகழ்வுக்கு `VEVENT`, வேலைக்கு `VTODO` என்று இரண்டு தனி வகைகள் உண்டு. நிகழ்வுக்கு உறுதி, தற்காலிகம், ரத்து என்ற மூன்று நிலைகள்தான். "முடிந்தது" என்று குறிக்க அதில் இடமே இல்லை, ஏனென்றால் நேரம் போனதும் அது தானாகவே முடிந்துவிடுகிறது. வேலைக்குத்தான் `NEEDS-ACTION`, `COMPLETED` என்ற நிலைகள். ஆகவே, ஒரு வேலையை நிகழ்வாகப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் செய்யாமல் விட்டால், அது நேற்றைய கட்டத்தோடு சேர்ந்து கண்ணைவிட்டுப் போய்விடும். செய்யவில்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதே வேலை பட்டியலில் இருந்தால், செய்து முடிக்கும் வரை உங்கள் முன்னால் நிற்கும்.

அந்த நேரத்தில் இன்னொருவர் காத்திருக்கிறாரா? டாக்டர், ஆசிரியர், வாடிக்கையாளர், ரயில், பத்திரப்பதிவு அலுவலகத்து டோக்கன் என்று நேரத்தை மறுமுனையிலும் ஒருவர் பிடித்து வைத்திருந்தால் அது உங்கள் இஷ்டத்துக்கு நகராது.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஓரளவாவது தெரியுமா? காலண்டரில் ஒன்றைப் போட ஆரம்பமும் வேண்டும், முடிவும் வேண்டும். "வீட்டுப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தணும்" என்பது ஒரு மணி நேரமா, ஒரு வாரமா என்றே தெரியாதபோது அதற்குக் கட்டம் போடுவதில் பொருளில்லை. அதைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்த பிறகுதான் கட்டத்தைப் பற்றி யோசிக்க முடியும்.

## வழி 1: காலண்டரில் நேரத்தோடு

முதல் கேள்விக்கு "முடிந்துபோகும்", இரண்டாவதுக்கு "ஆமாம்" என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான். பெற்றோர் கூட்டம், மருத்துவர், பாஸ்போர்ட் சேவா கேந்திராவின் அப்பாயின்ட்மென்ட், கல்யாணம்.

வேலை போலத் தோன்றினாலும் உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தவை சில உண்டு. ரயில் டிக்கெட் அதில் முக்கியமானது. "டிக்கெட் போடணும்" என்று பட்டியலில் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கிறது, அதுவும் ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள். பண்டிகைக் காலத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அப்படியென்றால் இது வகுப்பைப் பொறுத்து 9.50க்கோ 10.50க்கோ போனோடு உட்கார வேண்டிய ஒரு சந்திப்பு. ஒரு நுணுக்கமும் இருக்கிறது: முந்தைய நாள் என்பது ரயில் கிளம்பும் ஊரை வைத்துத்தான் கணக்கு. சென்னையில் இரவு கிளம்பும் ரயில் உங்கள் ஊருக்கு நள்ளிரவு தாண்டி வருகிறது, நீங்கள் அங்கே ஏறுகிறீர்கள் என்றால், உங்கள் பயணத் தேதியிலிருந்து இரண்டு நாள் முன்னால் உள்ள தேதியில் போட வேண்டும். சாதாரண முன்பதிவும் இப்படித்தான். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் முன்னதாகத் திறக்கிறது, காலை 8 மணிக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நவம்பர் மாதத்துக் காலை நேரத்தைக் காலண்டரில் பிடித்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, போகிற வருகிற நேரம். 6.30க்கு டாக்டர் என்று போட்டால் 6.30 வரை நீங்கள் காலி என்று காலண்டர் சொல்லும். வீட்டிலிருந்து கிளம்புவது 5.50க்கு, டோக்கன் நகர்ந்து வெளியே வரும்போது 7.45 என்றால், கட்டமும் அந்த அளவுக்கே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு, பொய்யான கட்டங்கள். 5 மணிக்குச் செய்தே ஆக வேண்டும் என்று இல்லாத ஒன்றை 5 மணிக்குப் போட்டு, மணி அடித்ததும் தள்ளிவிடுவது தினமும் நடந்தால், காலண்டர் மணியைத் தள்ளிவிடலாம் என்று கை பழகிவிடும். பிறகு டாக்டருக்கு அடிக்கும் மணியையும் அதே கை தள்ளிவிடும். இதனால்தான் வேலைகளைக் காலண்டரில் கொட்டுவதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். அங்கே கெடுவது அந்த வேலை மட்டுமல்ல, அதோடு சேர்ந்து நிஜமான சந்திப்பும்தான்.

## வழி 2: காலண்டரில் நாள் மட்டும்

நேரம் இல்லை, ஆனால் அந்த நாள் முக்கியம் என்பவை இங்கே. வரிக் கெடு, பள்ளி விடுமுறை, தண்ணீர் லாரி வரும் நாள், அத்தை ஊரிலிருந்து வரும் நாள். கூகுள் காலண்டரில் முழுநாள் நிகழ்வாகப் போட்டால் நாளின் உச்சியில் ஒரு பட்டையாக நிற்கும். அதைச் சாதாரணமாக "ஓய்வு" என்ற நிலையில்தான் வைக்கும் என்பதால், உங்கள் காலண்டரைப் பார்த்து நேரம் கேட்பவர்களுக்கு நீங்கள் நாள் முழுக்க வேலையாக இருப்பதாகத் தெரியாது.

இதில் பலர் தவறவிடும் இடம், முடிவு நாளை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைப் போட்டு என்ன பயன்? பல நாடுகள் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. போட வேண்டியது, புதுப்பிக்கத் தொடங்க வேண்டிய நாள். வண்டி இன்சூரன்ஸும் அப்படியே. முடிவு நாளுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பட்டை போதும். முடிவு நாள் தாண்டினால் அன்றிலிருந்தே வண்டி காப்பீடு இல்லாமல் ஓடுகிறது. 90 நாள் தாண்டினால் இதுவரை சேர்ந்த நோ கிளைம் போனஸும் போய்விடும்.

இன்னொன்று, மாதாமாதம் வருபவற்றை 31ஆம் தேதியில் போடாதீர்கள். ஐகேலண்டர் விதிப்படி இல்லாத தேதி விட்டுப்போகும். ஏப்ரலிலும் ஜூனிலும் அந்த நினைவூட்டல் வரவே வராது. மாதக் கடைசி என்றால் 28ஐப் போடுங்கள்.

## வழி 3: பட்டியலில் மட்டும்

மீதி எல்லாமே இங்கே என்றுதான் நான் சொல்வேன். முதல் கேள்விக்கு "நிலுவையில் நிற்கும்", இரண்டாவதுக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால் பட்டியல்தான். போன் செய்ய வேண்டியவை, வாங்க வேண்டியவை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, திருப்பித் தர வேண்டியவை. இவற்றைச் செய்யச் சரியான நேரம் எது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடையில் கூட்டம் குறைந்தால், கரண்ட் வந்தால், அந்தப் பக்கம் போக நேர்ந்தால் செய்யலாம்.

பட்டியலின் குறை, அதற்கு நாளின் அளவு தெரியாது. நாளைக்கு உங்கள் கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பது பட்டியலுக்குத் தெரியாது. அது முப்பது வேலையையும் ஒரே மாதிரி நீட்டும். இதனால் சுலபமானவை முதலில் முடிகின்றன, கனமானவை அடியில் தங்கிவிடுகின்றன. பட்டியலில் மூன்று வாரமாக நகராமல் இருப்பவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டியவையாக இருக்கும்.

## வழி 4: பட்டியலில் வேலை, காலண்டரில் அதற்கான நேரம்

அடியில் தங்கும் அந்தக் கனமான வேலைகளுக்குத்தான் இந்த வழி. வேலை பட்டியலிலேயே இருக்கும், முடிந்தால் மட்டும் அடிக்கப்படும். அதைச் செய்வதற்கான நேரத்தை மட்டும் காலண்டரில் பிடித்து வைக்கிறோம். நேரம் வீணானாலும் வேலை காணாமல் போகாது என்பதுதான் இதன் பலம்.

எல்லா வேலைக்கும் இப்படி நேரம் ஒதுக்கினால் என்ன என்று கேட்கலாம். எப்போது, எங்கே செய்வேன் என்று முடிவு செய்துவிட்டால் செய்து முடிப்பது கூடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதை ஆதரிக்கின்றன. ஆனால் 2012இல் ஏமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே இலக்குக்கு உதவிய அந்தத் திட்டம், பல இலக்குகளுக்கு ஒரே நேரத்தில் போட்டபோது உதவவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்க்கும்போதே அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்து, பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. என் அனுபவத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு கட்டங்கள் தாங்கும். அதற்கு மேல் போனால் அவை பொய்க் கட்டங்களாக மாறத் தொடங்குகின்றன.

இதன் மறைமுகச் செலவு பராமரிப்பு. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எதற்கு நேரம் ஒதுக்குவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அலுவலகத்தில் காலண்டரைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: நேரத்தோடு போட்ட கட்டம் மற்றவர்களுக்கு "வேலையாக இருக்கிறார்" என்று தெரியும், நகர்த்தக்கூடிய நேரத்தையும் அவர்கள் கேட்காமல் விட்டுவிடுவார்கள். சிலருக்கு வேண்டியதே அதுதான். கூட்டத்துக்கு மேல் கூட்டமாக நாளை மற்றவர்கள் நிரப்பிவிடும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டம் ஒரு வேலி. கடை வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர். வாடிக்கையாளர் வந்தால் எழுந்தே ஆக வேண்டிய இடத்தில் பகல் கட்டம் எதுவும் நிற்காது. கடை திறப்பதற்கு முன்போ மூடிய பிறகோதான் ஒதுக்க முடியும்.

## ஒரே பார்வையில்

| | நேரம் போனால் | மறைமுகச் செலவு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|
| காலண்டரில் நேரத்தோடு | முடிந்துபோகும் | போக வர ஆகும் நேரம். பொய்க் கட்டங்களால் மணிக்கு மதிப்பு போவது | இன்னொருவர் காத்திருக்கும்போது, குறிப்பிட்ட மணிக்குத் திறந்து தீர்ந்துவிடுபவை |
| காலண்டரில் நாள் மட்டும் | கெடு தாண்டும் | முடிவு நாளைப் பார்த்துத் தொடக்கத்தை மறப்பது | வரிக் கெடு, புதுப்பித்தல், அன்றைய தகவல் |
| பட்டியலில் மட்டும் | நிலுவையில் நிற்கும் | கனமானவை அடியில் தங்குவது | துண்டு வேலைகள், இடையூறு மிகுந்த நாள் |
| பட்டியலும் நேரமும் | நேரம் வீண், வேலை நிற்கும் | வாராந்திரப் பராமரிப்பு | தொடர்ந்து உட்கார வேண்டியவை, வாரத்துக்குச் சில மட்டும் |

## ஒரு மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

திருப்பூரில் சிறிய பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் ஒரு பெண், மாதாந்திர ரிட்டர்னைத் தானே போடக் கற்றுக்கொண்டார். வேலைகள் எல்லாம் காலண்டரில்தான். "திறந்தாலே பயமா இருக்குக்கா, எது நிஜமான தேதின்னே தெரியல" என்றார். 11ஆம் தேதியில் விற்பனை பில்களைக் காட்டும் GSTR-1 ரிட்டர்ன், 20இல் வரியைக் கட்டிப் போடும் GSTR-3B ரிட்டர்ன், தினமும் மாலை 7 மணிக்கு "பில் சரிபார்க்கணும்", நடுவில் மெஷின் சர்வீஸ் ஆளுக்குப் போன், மகளின் பெற்றோர் கூட்டம், நூல் கடைக்காரரிடம் பாக்கி கேட்பது, எல்லாம் ஒரே நிறத்தில். தினசரி 7 மணிக் கட்டத்தை அவர் கடைசியாக எப்போது மதித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

நாங்கள் இரண்டு கெடுக்களிலிருந்து தொடங்கினோம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. 20 தாண்டினால் GSTR-3Bக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அவர் தலையில் விழும். 11 தாண்டினால் வலி வேறு இடத்தில். விற்றவர்கள் காட்டிய பில்களை வாங்கியவருக்குத் திரட்டித் தரும் அறிக்கை GSTR-2B. அவர் போடும் பில்கள் அந்த மாதம் வாடிக்கையாளர் நிறுவனத்தின் GSTR-2Bயில் வராது, அவர்களால் அந்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ள முடியாது, அதைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதால் 11தான் அவருக்குக் கடினமான தேதி. இரண்டையும் முழுநாள் பட்டையாகப் போட்டோம். 11க்கு மட்டும் சிவப்பு.

அடுத்தது, அவர் காலண்டரில் இல்லாத ஒரு தேதி. GSTR-2B 14ஆம் தேதி உருவாகிறது. அதற்கு முன்னால் வாங்கிய பில்களை முழுதாகச் சரிபார்க்கவே முடியாது, ஏனென்றால் விற்றவர்கள் என்ன காட்டியிருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். தினமும் 7 மணிக்குப் போட்ட அந்தக் கட்டம் மாதத்தின் பாதி நாளுக்குச் செய்ய இயலாத வேலையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு, 14இல் "2B வரும்" என்று ஒரு பட்டையும், 15ஆம் தேதி இரவு 8 முதல் 10 வரை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டமும் போட்டோம்.

ஒப்பிட்டதில் விடுபட்டிருக்கும் பில்களுக்கு நூல் கடையிலும் லேபிள் கடையிலும் பேச வேண்டும். அவர்கள் எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது, ஐந்து நிமிட வேலை, நேரம் தவறினால் எதுவும் முறியாது. அது பட்டியலுக்குப் போயிற்று. செலானில் பணம் கட்டி GSTR-3B போடுவதற்கு 18ஆம் தேதி இரவு முக்கால் மணி நேரம் ஒதுக்கினோம். 20 வரை விட்டால் இணையதளம் மெதுவாகும், ஓடிபி வராது, வங்கிப் பரிவர்த்தனை தொங்கும். இரண்டு நாள் இடைவெளி இருந்தால் இதெல்லாம் எரிச்சலோடு நின்றுவிடும், அபராதம் வரை போகாது. விற்பனை பில்களைச் சரிபார்த்து GSTR-1 போட 8ஆம் தேதி இரவு ஒன்றரை மணி நேரம்.

பெற்றோர் கூட்டம் நேரத்தோடு இருந்தது, அப்படியே விட்டோம். முன்னால் இருபது நிமிடப் பயணத்தை மட்டும் சேர்த்தோம். மெஷின் சர்வீஸ் போன் பட்டியலுக்கு வந்தது. சர்வீஸ் ஆள் "வியாழன் 11 மணிக்கு வர்றேன்" என்று சொன்ன நிமிடத்தில் அது காலண்டருக்கு மாறியது. ஒரே விஷயம் இப்படி இடம் மாறுவது சகஜம்: பேசுவது வேலை, அவர் வருவது நிகழ்வு.

மாதம் முழுவதற்கும் தொழில் சார்ந்து மிஞ்சியவை மூன்று பட்டைகள், மூன்று இரவுக் கட்டங்கள், சர்வீஸ் ஆள் வரும் ஒரு மணி. மற்றவை எல்லாம் பட்டியலில்.

## இடம் தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது

காலண்டரில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மறுநாளைக்கு இழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அது நிகழ்வு அல்ல. ஒதுக்கிய நேரம் ஒருமுறை தவறினால் நகர்த்தலாம், அவசரம் யாருக்கும் வரும். இரண்டாம் முறையும் தவறினால் கட்டத்தை அழித்துவிட்டு, பட்டியலில் அந்த வேலையை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதல் அடி என்ன என்றே தெரியாத அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். இல்லை, வேறு யாரோ தர வேண்டிய ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும்.

பட்டியலில் தவறாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் அடையாளம் வேறு. வரிக்குள் மணியோ கிழமையோ எழுதப்பட்டிருக்கும்: "சனி 10 மணி ஸ்கூல்", "புதன் சாயங்காலம் மாமா வர்றார்". எழுதும்போதே அதற்கு நேரம் உண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே காலண்டருக்கு மாற்றிவிட்டு, பட்டியலில் அடித்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் வைத்தால் நேரம் மாறும்போது ஒன்றைத்தான் திருத்துவோம், பழைய நேரம் மற்றொன்றில் அப்படியே இருந்துவிடும்.